தொழிலுக்குப் பெயர் வேணும், நல்லதா பத்து சொல்லுங்க

மாடிப்படி
வணக்கம் நண்பர்களே. புதுசா ஒரு தொழில் தொடங்கப் போறேன். சின்னதா, மனசுல நிக்கிற மாதிரி ஒரு பெயர் வேணும். பத்துப் பதினைஞ்சு பெயர் சொன்னீங்கன்னா அதுல ஒண்ணை எடுத்துக்குவேன். இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணணும், பலகை எழுதுறவர் காத்துட்டிருக்கார்.

மழைத்துளி
உதயம், சிகரம், விடியல், வானவில், அமுதம். எல்லாம் நல்ல பொருள் உள்ள சொற்கள், எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

வேகநடை
தமிழ்ப் பெயரெல்லாம் வேண்டாம் நண்பா. ரெண்டு அசையில ஆங்கிலம் மாதிரி ஒலிக்கிற சொல்லா வை. x, z வந்தா இன்னும் நல்லது. எந்த ஊர்க்காரனும் படிப்பான்.

உளி
மழைத்துளி சொன்ன ஐந்தும் அழகான சொற்கள்தான். "எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்" என்பதே அவற்றின் குறை. எல்லாருக்கும் பொருந்துவதால் எல்லாரும் எடுத்துவிட்டார்கள். தேடினால் உங்கள் கடை நாற்பதாவதாக வரும்.

மாடிப்படி, என்ன விற்கிறீர்கள், யாருக்கு, எந்த மொழியில் என்று தெரியாமல் பெயர் சொல்ல முடியாது. ஒரே சொல்லை வைத்து இதைக் காட்டுகிறேன். "நிழல்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குடை விற்றால், பொருள் தரும் பயனையே நேராகச் சொல்லும் பெயர் அது. வாங்குபவருக்கு உடனே புரியும். ஆனால் குடை விற்கும் எவரும் அந்தச் சொல்லைத் தம் விளம்பரத்தில் எழுதத்தான் செய்வார். அதை உங்களுக்கு மட்டும் உரியது என்று நிலைநாட்டுவது கடினம். ஒளிப்பட நிலையம் என்றால் "நிழற்படம்" என்ற வழக்கு இருப்பதால் அங்கேயும் ஏறக்குறைய அதே நிலைதான். முதியோர் இல்லத்துக்கு வைத்தால் பெயர் கனிகிறது. யாரும் விளக்காமலே ஆதரவு என்ற பொருள் வந்துவிடுகிறது, ஆனால் சேவையை நேராகச் சொல்லவில்லை. இந்த வகைதான் பெரும்பாலும் சிறந்தது. கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு அதே சொல்லை வைத்தால் "நிழல் உலகம்" நினைவுக்கு வரும், பெயரே வந்தவரைத் திருப்பி அனுப்பும். மென்பொருளுக்கு வைத்தால் பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லை. பாதுகாக்க எளிது, ஆனால் "இது என்ன?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொல் மாறவில்லை. பொருள் மாறியதும் நல்ல பெயர், பலவீனமான பெயர், கெட்ட பெயர் என்று மூன்றாக ஆகிவிட்டது. மொழி இன்னும் மீதம் இருக்கிறது. தமிழ் படிக்காதவர் வாடிக்கையாளரானால் அவர் பார்ப்பது nizhal. அந்த zh-ஐ அவர் எப்படி ஒலிப்பார் என்று உங்களால் சொல்ல முடியாது.

கோப்பு
ஏன் இவ்வளவு குழப்பம்? பதிவுப் படிவத்துல எழுதத்தானே பெயர். உங்க பெயரையே போட்டு "எண்டர்பிரைசஸ்" சேர்த்துட்டா முடிஞ்சது. வங்கிக் கணக்கு அதுலயே திறந்துடலாம்.

உளி
கோப்பு, நீங்கள் சொல்வது சட்டப் பதிவுக்கான பெயர். அவர் கேட்பது பலகையில் எழுதும் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆனால் உங்கள் பதிலில் அவருக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது: அவசரம் பதிவுக்குத்தான் என்றால் அதைச் சாதாரணப் பெயரில் முடித்துவிட்டு, வணிகப் பெயருக்குப் பொறுமையாக நேரம் எடுக்கலாம். ரசீதில் இரண்டு பெயரும் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பணம் அனுப்பும்போது வேறு பெயர் வருவதைப் பார்த்து வாடிக்கையாளர் தயங்குவார்.

மாடிப்படி
பலகைக்குத்தான் கேட்டேன். பொருளைச் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. யோசனையை யாராவது எடுத்துட்டா என்ன செய்றது?

ஆலமரம்
அந்தத் தயக்கம் நியாயம்தான். ஆனா யோசனையைச் சொல்லாமலே தேவையானதைச் சொல்லலாம். எங்கே துணி வாங்குறீங்க, எப்படித் தைக்கிறீங்க, எவ்வளவுக்கு விக்கிறீங்க, இதெல்லாம் வேண்டாம். பொருள் எந்த வகை? வாங்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கிறவர் யார்? பெயரை அவர் முதல்ல காதால கேப்பாரா, கண்ணால பாப்பாரா? அவர் எந்த எழுத்தைப் படிப்பார்? இந்த நாலும் போதும். மூணாவதை யாரும் கேக்கிறதில்ல, அதுலதான் பாதிப் பெயர்கள் கெடுது.

மாடிப்படி
சரி. தையல்கூடங்கள்ல மிஞ்சுற துணியில பைகள். தோள்பை, கடைக்குப் போற பை, அப்புறம் பரிசு வச்சுக் கொடுக்கிற சின்ன சுருக்குப்பை. விழா நடத்துறவங்க, அலுவலகங்கள் மொத்தமா நூறு, இருநூறுன்னு வாங்குவாங்கன்னு நினைக்கிறேன். அப்புறம் தனி ஆட்களுக்கும். பெயரை ஒருத்தர் சொல்லித்தான் இன்னொருத்தர் தெரிஞ்சுக்குவாங்க, அப்புறம் கைபேசியில தட்டச்சு பண்ணித் தேடுவாங்க. பாதிப் பேர் தமிழ் படிப்பாங்க, பாதிப் பேர் படிக்க மாட்டாங்க.

(ஆலமரம், நான் துணின்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க "துணி", "தைக்கிறீங்க"ன்னு எழுதிட்டீங்க, எப்படித் தெரிஞ்சது?)

ஆலமரம்
ஒரு எடுத்துக்காட்டுக்குத்தான் சொன்னேன், பொருந்திப் போச்சு.

உளி
இப்போது வேலை தொடங்கலாம். நீங்கள் சொன்னதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு, ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஆகவே பெயர் கேட்டபடி எழுத வர வேண்டும்.

தமிழ்ச் சொற்களில் இது எங்கே உடைகிறது என்று பாருங்கள். துணிக்கு முதலில் தோன்றும் பெயர் "இழை". அருமையான சொல். ஆனால் தட்டச்சில்:

```
izhai
ilai
ilhai
ezhai
```

இரண்டாவது "இலை" ஆகிவிடுகிறது, நான்காவது "ஏழை" என்றும் படிக்கப்படும். வாழையிலை விற்பவரும் நீங்களும் ஒரே தேடலில் நிற்பீர்கள். "தோள்" இதைவிட மோசம். thol என்று எழுதினால் "தோல்" என்றுதான் படிப்பார்கள். துணிப்பை விற்பவருக்குத் தோல்பைக்காரர் என்ற பெயர் வந்துவிடும்.

பழஞ்சொல் தேடிப் போனாலும் எச்சரிக்கை வேண்டும். "கிழி" என்றால் பணம் முடிந்த பை, பொற்கிழி என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஆனால் இன்றைய காதுக்கு அது கிழிவதுதான். பைக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடைக்காது. "தூக்கு", "சுமை" இரண்டும் செயலால் பொருந்தும், நினைவால் பொருந்தாது.

வேகநடை
இதுக்குத்தான் சொன்னேன், தமிழ்ச் சொல்லே வேண்டாம்னு. வேற மொழியிலயும் கெட்ட பொருள் வந்துடும். ஒரு கார் நிறுவனம் "நோவா"ன்னு பெயர் வச்சு, ஸ்பானிய மொழியில "போகாது"ன்னு அர்த்தம் வந்து விற்பனையே ஆகல. அப்புறம், .com கிடைச்சதும் உடனே வாங்கிடு. வாங்கிட்டா பெயர் உன்னோடது, வேற யாரும் தொட முடியாது.

உளி
நோவா கதை பரவலாகச் சொல்லப்படுவது, ஆனால் உண்மையில்லை. அந்தக் கார் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலும் விற்றது. ஸ்பானிய மொழியில் "நோவா" என்ற ஒரே சொல்லும் "நோ வா" என்ற இரு சொற்களும் அழுத்தத்தில் வேறுபடும், கேட்பவர் குழம்பமாட்டார். உங்கள் கருத்துக்கு உண்மையான சான்று வேண்டுமானால் மிட்சுபிஷி பஜேரோவைச் சொல்லலாம். ஸ்பானிய மொழியில் அது கொச்சையான வசை என்பதால் அந்த நாடுகளில் மான்டெரோ என்ற பெயரில் விற்றார்கள். ஆகவே பிற மொழிச் சோதனை வேண்டும் என்பதில் நீங்கள் சரி.

முகவரி பற்றிச் சொன்னது பாதிதான் சரி. முகவரியை வாங்கினால் அந்த முகவரி உங்களுடையது, பெயர் மீதான உரிமை ஆகாது. அதே பெயரில், அதே வகைப் பொருளில் உங்களுக்கு முன்பே வணிகக் குறி பதிவு செய்தவர் இருந்தால் முகவரி கையில் இருந்தும் பெயரை விட வேண்டி வரலாம். அச்சடித்த பை, பலகை, ரசீது எல்லாம் வீண்.

மாடிப்படி
அதை எப்படிப் பாக்குறது? பதிவு அலுவலகத் தளத்துல என் பெயரைத் தட்டிப் பாத்தா போதுமா?

உளி
போதாது. இரண்டு காரணம்.

ஒன்று, குறிகள் பொருள் வகை வாரியாகப் பதிவாகின்றன. உலகின் பெரும்பாலான நாடுகள் பயன்படுத்தும் நீஸ் வகைப்பாட்டில் 45 வகைகள், முதல் 34 பொருட்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. உங்கள் பைகள் ஒரே வகையில் அடங்காது. தோள்பையும் துணியாலான கடைப்பையும் 18-ஆம் வகை. பரிசைப் பொதிந்து கொடுக்கும் துணிச் சுருக்குப்பை, பொதிகலன் என்பதால் 22. கடை நடத்தும் சேவை 35. பெரும்பாலும் 18-ஐ மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள், பிறகு 22-இல் ஒருவர் இருப்பது தெரிய வருகிறது.

இரண்டு, அப்படியே அதே எழுத்தாக இருந்தால்தான் மோதல் என்பதில்லை. ஒலி ஒத்து, பொருளும் நெருங்கியிருந்தால் போதும். அதனால் எழுத்து வேறுபாடுகளையெல்லாம் தட்டிப் பாருங்கள்: நெடிலுக்கு aa, a இரண்டும், th, t, dh மூன்றும், zh இருந்தால் l, இரட்டை மெய்யை ஒற்றையாக்கி ஒரு முறை. ஒரு சொல்லுக்கு எட்டுப் பத்து தேடல் ஆகும், அரை மணி நேரம். இது முதற்கட்ட வடிகட்டல்தான். கடைசி இரண்டு பெயர்களை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

செவ்வானம்
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். நான் இணையத்துல பாடம் நடத்துறேன், "படி"ன்னு பெயர் வச்சிருக்கேன். கல்வி, ஏறுற படி, ரெண்டும் வருதேன்னு வச்சேன். ஆனா தேடினா நான் வரவே மாட்டேங்கிறேன். பெயரை மாத்தணுமா?

ஆலமரம்
மாத்த வேண்டாம்னு நினைக்கிறேன். சொல் நல்லா இருக்கு. ஆனா அது எல்லாரும் நாள்தோறும் எழுதுற வினைச்சொல், "அதன்படி", "சொன்னபடி"ன்னு எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்கு. தேடுபொறிக்கு உங்களைப் பிரிச்சுப் பாக்க ஒண்ணும் இல்ல. ரெண்டாவது சொல் ஒண்ணைச் சேர்த்து, எல்லா இடத்துலயும் விடாம அப்படியே எழுதுங்க. எழுத்து விஷயமும் இருக்கு: padi, pati, paddy. கடைசி எழுத்துக்கூட்டுல நெல்தான் வரும்.

உளி
நான் மாற்றச் சொல்வேன். பாடம் தேடுபவர் பெரும்பாலும் தேடல் வழியாகத்தான் வருவார். பெயரே தடையாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் அதற்கு விலை கொடுக்க நேரும். ஆனால் ஏற்கெனவே மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி மாணவர்களை அழைத்து வருகிறார்கள் என்றால் ஆலமரம் சொன்னதே சரி. எத்தனை பேர் எந்த வழியில் வந்தார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மழைத்துளி
நான் முன்னாடி சொன்னதைத் திரும்பப் பெறுறேன். பைன்னு தெரிஞ்சதும் வேற தோணுது. பையோட கைப்பிடியைக் "காது"ன்னுதானே சொல்றோம், "பைக்காது அறுந்துடுச்சு"ன்னு. "இருகாது" எப்படி? இல்லைன்னா மிஞ்சுன துணியில செய்றதால "மிச்சம்"?

உளி
இரண்டும் நல்ல திசை. பொருளை நேராகச் சொல்லாமல், பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்கள். தனித்தனியாகப் பார்ப்போம்.

"இருகாது": தமிழ் அறிந்தவர் பையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார், மறக்கமாட்டார். சின்னம் வரைவதும் எளிது, பையின் உருவமே போதும். சிக்கல் தட்டச்சில். irukaadhu, irukathu, irugaadhu, irukadhu என்று போகும். அதைவிடக் கெட்டது, irukathu என்பதைப் பேச்சில் "இருக்காது" என்றும் படிக்கலாம். "பை இருக்காது" என்று கடைக்குப் பெயர் வைத்த மாதிரி ஆகும்.

"மிச்சம்": துணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது, "பணம் மிச்சம்" என்ற நல்ல பொருளும் கூடவே வருகிறது. எழுத்து micham, michcham, mitcham, அவ்வளவுதான். மூன்றும் ஒரே ஒலியைத்தான் தருகின்றன, வேறு சொல்லாகவில்லை. இழையைவிடப் பலமடங்கு மேல்.

ஆலமரம்
"மிச்சம்" எனக்கு உறுத்துது. தனியா வாங்குறவங்க ரசிப்பாங்க. ஆனா இருநூறு பை மொத்தமா வாங்குறவர் அதை விருந்தாளி கையில கொடுக்கப் போறார். "மிச்சம்"னு அச்சடிச்சதைக் கொடுத்தா, மிஞ்சினதைக் கொடுத்த மாதிரி வாங்குறவர் நினைச்சா? முடிவெடுக்கிறவர் அந்த மொத்த வாடிக்கையாளர்தானே.

வேகநடை
அது சரியான கேள்வி. மொத்தமா வாங்குறவங்களுக்கு வேற பெயர், தனியா வாங்குறவங்களுக்கு வேற பெயர்னு வச்சா?

உளி
தொடக்கத்திலேயே இரண்டு பெயர் வேண்டாம். இரண்டு பதிவு, இரண்டு முகவரி, ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதும் பாதியாகிவிடும். மொத்தமாக வாங்குபவர் பைக்கு வெளியே தம் பெயரைத்தான் அச்சிடச் சொல்வார். உங்கள் பெயர் உள்பக்கத் துணிச்சீட்டில் மட்டும் இருந்தால் உறுத்தல் குறையும். ஆனால் ஆலமரத்தின் கேள்விக்கு இது முழு விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை மொத்தமாக வாங்கும் நாலு பேரிடம் கேட்டால்தான் தெரியும், நாம் இங்கே பேசித் தீராது.

துணிச்சீட்டு என்றதும் ஒன்று. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நெய்த சீட்டில் புள்ளி சரியாக விழாது, ச்ச-வில் உள்ள புள்ளியும் ம்-இன் புள்ளியும் மங்கும். "மிசசம" என்று வந்துவிட்டால் படிக்கவே முடியாது. சீட்டில் தமிழ் வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது நெய்யாமல் அச்சிட்ட சீட்டு போடுங்கள். முதலில் ஒரு மாதிரி வாங்கி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

மாடிப்படி
எனக்கே ஒண்ணு தோணுச்சு: "ஓரம்". துணியோட ஓரம், அந்த ஓரத்துலருந்துதான் பையே வருது. oram, நாலே எழுத்து.

மழைத்துளி
அழகா இருக்கு!

ஆலமரம்
"ஓரங்கட்டுறது", "ஓரவஞ்சனை" நினைவுக்கு வருமே?

உளி
வரும், ஆனால் அந்தச் சொற்கள் முழுதாக வந்தால்தான் அந்தப் பொருள். தனியாக நிற்கும் "ஓரம்" பெரிதும் இடத்தைத்தான் குறிக்கும். தட்டச்சில் oram, ooram, oaram. இரண்டாவதை "ஊரம்" என்று படிப்பார்கள், அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லாததால் மோதல் இல்லை. தமிழ் படிக்காதவரும் நான்கு எழுத்தைத் தயங்காமல் ஒலிப்பார். பின்னால் மேலங்கி, மேசை விரிப்பு என்று விரிந்தாலும் பெயர் தடுக்காது, "பை" என்ற சொல்லைப் பெயரில் வைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

பலகைக்காரரிடம் போகும் முன் செய்ய வேண்டியது ஒரு சோதனை. "ஓரம்", "மிச்சம்" இரண்டையும் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஐந்து பேர் தமிழ் படிப்பவர், ஐந்து பேர் படிக்காதவர். எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள், ஒரு முறைதான் சொல்ல வேண்டும். கேட்டதைத் தட்டி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏழு பேராவது ஒரே மாதிரி அனுப்பினால் நல்லது. என்ன விற்கிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், "இது என்ன கடையா இருக்கும்?" என்றும் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பேரிடம் "அன்னைக்கு என்ன பெயர் சொன்னேன்?" என்று கேளுங்கள்.

இந்தச் சோதனை வீண்வேலை இல்லை. அமேசான் 1994-இல் "கடாப்ரா" என்ற பெயரில்தான் பதிவானது. தொலைபேசியில் அதைக் கேட்ட வழக்கறிஞர் பிணம் என்று பொருள்படும் "கடாவர்" எனக் கேட்டுவிட்டார், அதன் பிறகுதான் பெயர் மாறியது. எழுதிப் பார்க்கும்போது யாருக்கும் தோன்றாத பிழை அது.

மாடிப்படி
பலகைக்காரரை நிறுத்தி வச்சுட்டேன். பத்துப் பேர்கிட்ட பேசிட்டேன்.

"மிச்சம்": ஆறு பேர் micham, மூணு பேர் michcham, ஒருத்தர் mitcham. தமிழ் தெரிஞ்ச அஞ்சு பேருமே சிரிச்சாங்க. ரெண்டு பேர் "மலிவு விலைக் கடையா?"ன்னு கேட்டாங்க.

"ஓரம்": எட்டு பேர் oram, ஒருத்தர் ooram. தமிழ் படிக்காத ஒருத்தர் aram-னு அனுப்பினார். யாருமே துணின்னு சொல்லல. ஒருத்தர் "சாலையோரக் கடையா?"ன்னு கேட்டார்.

உளி
aram வந்ததைக் கவனியுங்கள். அது "அறம்" ஆகிவிடும், ஏற்கெனவே அந்தச் சொல்லைப் பலர் வைத்திருக்கிறார்கள். பத்தில் ஒருவர் என்றால் தாங்கலாம். அடுத்த ஐந்து பேரில் இன்னொருவர் அப்படி அனுப்பினால் யோசிக்க வேண்டும். துணி என்று யாரும் சொல்லாதது எதிர்பார்த்ததுதான், பலகையில் கீழே சிறிய எழுத்தில் "துணிப்பைகள்" என்று போட்டால் தீரும். "மலிவு விலையா" என்று இருவர் கேட்டது அப்படித் தீராது. உங்கள் விலை மலிவா இல்லையா?

மாடிப்படி
மலிவு இல்ல. கையால தைக்கிறது, நேரம் ஆகுது.

ஆலமரம்
அப்போ "மிச்சம்" விலை கேக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்களைச் சங்கடத்துல விடும்.

மழைத்துளி
எனக்கு இன்னும் "மிச்சம்"தான் பிடிச்சிருக்கு. அஞ்சு பேர் சிரிச்சாங்களே, அது சும்மா வராது.

மாடிப்படி
எனக்கும் அதான் குழப்பம். ரெண்டையும் 18, 22, 35 மூணு வகையிலயும் தேடிட்டு வர்றேன். இரண்டு நாள் கழிச்சு அந்தப் பத்துப் பேருக்கும் மறுபடி பேசிட்டு, இங்கேயே எழுதுறேன்.

உளி
தேடும்போது aram-ஐயும் சேர்த்துத் தேடுங்கள்.